எம்.சி.பி. அடிக்கடி விழுந்தால் பெரிய எம்.சி.பி. மாட்டலாமா?

வாசகியின் கடிதம்

"எங்கள் வீடு 2011-ல் கட்டியது, மும்முனை இணைப்பு. மாடிப் படுக்கையறையில் ஒன்றரை டன் ஏசி இருக்கிறது. போன மாதம் அதை ஒட்டிய குளியலறையில் 25 லிட்டர், 3,000 வாட் கீசர் மாட்டினோம். காலையில் ஏசி ஓடிக்கொண்டிருக்க, ஒருவர் பின் ஒருவராகக் குளித்தால் பதினைந்து, இருபது நிமிடத்தில் டிபி பெட்டியில் ஒரு எம்.சி.பி. விழுந்து மின்சாரம் நின்றுவிடுகிறது. இரவில் ஒருவர் மட்டும் குளித்தால் விழுவதில்லை. எலக்ட்ரீஷியன் தம்பி, 'சி32 வாங்கி வைங்கக்கா, மாட்டிவிடறேன், அப்புறம் விழாது' என்கிறார். என் கணவரின் அண்ணன், 'வயர் தடியாத்தான் இருக்கு, நாலு எம்.எம். இருக்கும். எம்.சி.பி.யிலயே 10000-னு போட்டிருக்கு, பத்தாயிரம் வாட் தாங்கும்' என்கிறார். மெயினில் 40 ஆம்ப்ஸ் இருக்கிறது, அதற்குள்தானே வருகிறது? டிபி, கீசர் சுவிட்சின் பின்பக்க வயர், ஏசி சுவிட்ச் என மூன்று படங்கள் அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டு எந்த எம்.சி.பி. வாங்கலாம் என்று சொல்லுங்கள்."

பதில்

அன்புச் சகோதரிக்கு,

சி32 வாங்க வேண்டாம். கடையில் சொல்லி வைத்திருந்தால் இன்றே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏசிக்கும் கீசருக்கும் தனித்தனி லைன் போடும்வரை, கீசர் ஓடும் நேரத்தில் ஏசியை நிறுத்தி வையுங்கள். உங்கள் எம்.சி.பி. கெட்டுப்போகவில்லை. அது எப்போது விழ வேண்டுமோ அப்போதுதான் விழுகிறது. ஆனால் இரண்டாவது படத்தில் நீங்கள் கேட்காத ஒரு விஷயம் தெரிகிறது. எனக்குக் கவலை அதுதான். அதற்கு வருகிறேன்.

எம்.சி.பி. காப்பாற்றுவது ஏசியையோ கீசரையோ அல்ல, சுவருக்குள் போகும் வயரை. அதனால் "எனக்கு எத்தனை ஆம்ப்ஸ் வேண்டும்" என்று கேட்டு எம்.சி.பி. வாங்கக் கூடாது. "என் வயரும் சுவிட்சும் எத்தனை ஆம்ப்ஸ் தாங்கும்" என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். எம்.சி.பி.யின் எண் ஓடும் சாமான்களின் மொத்தத்தைவிடக் கூடுதலாகவும், வயர், சுவிட்ச், பிளக் பாயின்ட் மூன்றில் எது குறைவாகத் தாங்குமோ அதற்கு மிகாமலும் இருக்க வேண்டும். உங்கள் மூன்று படங்களையும் இந்த ஒரு கணக்கை வைத்தே பார்த்தேன்.

முதல் படம்: டிபிக்குள் இருப்பவை

விழுகிற எம்.சி.பி.யின் முகத்தில் சி16 என்று தெளிவாக இருக்கிறது. 16 என்பது அது தொடர்ந்து விடக்கூடிய ஆம்பியர். முன்னால் இருக்கும் எழுத்து, திடீரென்று பாயும் மின்னோட்டத்துக்கு அது எவ்வளவு பொறுக்கும் என்பதைச் சொல்கிறது. பி என்றால் மூன்று முதல் ஐந்து மடங்கு வந்ததும் கண நேரத்தில் விழும். சி என்றால் ஐந்து முதல் பத்து மடங்கு. ஏசி கம்ப்ரஸர், மோட்டார் போன்றவை கிளம்பும் நொடியில் ஒரு இழுப்பு இழுக்கும் என்பதால் அந்த லைன்களுக்கு சி போடுவது வழக்கம். உங்களுடையது சி ஆக இருப்பது சரிதான்.

அதற்குக் கீழே கட்டத்துக்குள் இருக்கும் 10000 வாட் அல்ல. உங்கள் மைத்துனர் மட்டுமல்ல, நிறையப் பேர் இதை இப்படித்தான் படிக்கிறார்கள். பேஸும் நியூட்ரலும் நேரடியாக ஒட்டி ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கில் ஆம்பியர் பாயும். அப்படிப் பத்தாயிரம் ஆம்பியர் வரை பாய்ந்தாலும் வெடிக்காமல் துண்டிக்கும் என்பதற்கான எண் அது. ஷார்ட் ஆகும் அந்தக் கண நேரத்துக்கு உரியது. அன்றாடம் எவ்வளவு லோடு போடலாம் என்பதற்கும் அதற்கும் தொடர்பு இல்லை. பக்கத்தில் சின்னக் கட்டத்தில் இருக்கும் 3-ஐப் பார்த்து மூன்று பேஸ் என்று நினைத்துவிடாதீர்கள். அதுவும் ஷார்ட் சம்பந்தப்பட்ட ஒரு வகைப்பாடுதான்.

இப்போது கணக்கு. 3,000 வாட் கீசரை 230 வோல்ட்டால் வகுத்தால் 13 ஆம்பியர். ஒன்றரை டன் ஏசி வெயில் நேரத்தில் முழு வேகத்தில் ஓடும்போது சுமார் 8 ஆம்பியர் என்று வையுங்கள். சரியான எண் ஏசியின் ஸ்டிக்கரில் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் 21. இது 16-ஐப் போல 1.3 மடங்கு.

16-ஐத் தாண்டியதும் எம்.சி.பி. உடனே விழுந்துவிடாது. வீட்டு எம்.சி.பி.களுக்கான தரக்குறியீட்டின்படி, எழுதியிருக்கும் எண்ணைப் போல 1.13 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரம் விழக் கூடாது. 1.45 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். சி16-க்கு அது 18 ஆம்பியர், 23 ஆம்பியர். உங்கள் 21 இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. உள்ளே இருக்கும் இரட்டை உலோகப் பட்டை மெல்லச் சூடேறி வளைந்து, பதினைந்து இருபது நிமிடத்தில் தட்டிவிடுகிறது. இந்த அளவுகள் 30 டிகிரி வெப்பத்தில் சோதித்து வைத்தவை. மூடிய டிபிக்குள் எம்.சி.பி.கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும்போது உள்ளே அதைவிடச் சூடாக இருக்கும். அதனால் கோடையில் இன்னும் கொஞ்சம் சீக்கிரமே விழும்.

இரவில் ஏன் விழவில்லை என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். 25 லிட்டர் தண்ணீரை 3,000 வாட் கீசர் ஏறக்குறைய இருபது நிமிடத்தில் சூடாக்கிவிடும். பிறகு தெர்மோஸ்டாட் நிறுத்திவிடும். ஒருவர் மட்டும் குளித்தால் அதோடு முடிந்தது, எம்.சி.பி.யும் ஆறிவிடுகிறது. காலையில் ஒருவர் பின் ஒருவராகத் தண்ணீரை இழுக்க இழுக்கக் கீசர் நிற்காமல் ஓடுகிறது. நீங்கள் நேரத்தைக் குறிப்பிட்டு எழுதியது எனக்குப் பெரிய உதவி. சுவிட்சைப் போட்டவுடன் 'டப்' என்று விழுந்திருந்தால் ஷார்ட்டைத் தேடச் சொல்லியிருப்பேன். நிதானமாக, ஒரே மாதிரி நேரத்தில் விழுகிறது என்றால் அது ஓவர்லோடு.

அடுத்து அந்த 40. படத்தில் இடது ஓரம் அகலமாக இருக்கிறதே, 'டி' என்று எழுதிய சின்ன பட்டனோடு, அது எம்.சி.பி. அல்ல, ஆர்.சி.சி.பி. நான்கு துருவம் கொண்டது. 40 ஏ, 0.03 ஏ என்று இரண்டு எண்கள் இருக்கின்றன. போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று பார்ப்பது மட்டுமே அதன் வேலை. 30 மில்லி ஆம்பியர் எங்காவது கசிந்தால், உதாரணமாக ஒருவர் உடம்பு வழியாகத் தரைக்குப் போனால், விழும். ஓவர்லோடுக்கு அது விழவே விழாது. 40 என்பது அதன் தொடுமுனைகள் எவ்வளவு தாங்கும் என்பதற்கான எண். 'நாற்பதுக்குள்தானே வருகிறது' என்ற தைரியம் அதனால் செல்லாது. கீசர் இருக்கும் வீட்டில் உயிர் காக்கும் சாமான் இது. மாதம் ஒருமுறை 'டி' பட்டனை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் அதை மாற்ற வேண்டும்.

இரண்டாவது படம்: வயர் எத்தனை எம்.எம்.?

வயரைப் படத்தில் பார்த்து அளவு சொல்வதில்தான் அனுபவசாலிகளும் ஏமாறுவார்கள். பேச்சில் ரெண்டரை எம்.எம்., நாலு எம்.எம். என்கிறோம். அது வயரின் தடிமன் அல்ல, உள்ளே இருக்கும் செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு, அதாவது சதுர மில்லிமீட்டர். ரெண்டரை வயருக்கு மேலுறையோடு சேர்த்துக் குறுக்களவு சுமார் மூன்றரை மில்லிமீட்டர். நாலு வயருக்கு நான்கு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். வித்தியாசம் அரை மில்லிமீட்டர் சொச்சம். செல்போன் படத்தில், கேமரா கொஞ்சம் கிட்டே போனாலே அந்த வித்தியாசம் காணாமல் போகும். 'தடியாக இருக்கிறது' என்பதை அளவாக எடுத்துக்கொள்ள முடியாது.

நம்பக்கூடிய வழி இரண்டு. ஒன்று, மேலுறையில் அச்சிட்டிருப்பதைப் படிப்பது. உங்கள் படத்தில் சிவப்பு வயர்மேல் 'ஸ்கொயர் எம்.எம்.', 'எஃப்.ஆர்.', 'ஐ.எஸ். 694' என்பவை தெரிகின்றன. எண் மட்டும் வளைவுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. இந்த எழுத்து வயர் நெடுகத் திரும்பத் திரும்ப வரும் என்பதால், இன்னும் கொஞ்சம் வெளியே இழுத்தால் எண் கிடைத்துவிடும். இரண்டாவது வழி, நுனியில் இருக்கும் மெல்லிய இழைகளை எண்ணுவது. ஒவ்வொரு இழையும் 0.3 மில்லிமீட்டர் என்றால் ஒன்றரை வயரில் 22 இழை, ரெண்டரையில் 36, நாலில் 56 இருப்பது வழக்கம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணில் படும் பக்கத்தை மட்டும் வைத்துச் சொன்னால், உங்களுடையது நாலு எம்.எம். போலத் தெரியவில்லை. 2011-ல் பிளக் பாயின்டுக்கு ரெண்டரை இழுப்பதுதான் பரவலான வழக்கம். அதனால் ரெண்டரை என்று வைத்தே கணக்குப் போடுகிறேன். அச்சிட்ட எண் ஒன்றரை என்று வந்தால் எனக்கு உடனே எழுதுங்கள். நான் கீழே சொல்வதெல்லாம் மாறும்.

இழையை எண்ணும்போது ஒரு எச்சரிக்கை. சுவிட்சின் ஓட்டைக்குள் நுழையவில்லை என்று நாலைந்து இழைகளை வெட்டிவிட்டு மாட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதோடு, ஒரு நுனியைப் பார்த்துவிட்டு லைன் முழுதும் அதே வயர் என்று சொல்ல முடியாது. டிபியிலிருந்து ரெண்டரை கிளம்பி, நடுவில் ஜங்ஷன் பாக்ஸில் ஒன்றரையோடு முறுக்கி டேப் சுற்றியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். டிபி முனை, சுவிட்ச் முனை, நடுவில் இருக்கும் ஒவ்வொரு பாக்ஸ் என எல்லா இடத்திலும் பார்த்தால்தான் நிச்சயம். எது மிகச் சிறியதோ அதுதான் அந்த லைனின் அளவு.

பைப்புக்குள் போகும் செம்பு வயர், நம் ஊர் வெப்பத்தில், ஒன்றரை என்றால் சுமார் 14 ஆம்பியர், ரெண்டரை என்றால் 18, நாலு என்றால் 24 தாங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். கம்பெனிக்குக் கம்பெனி ஒன்றிரண்டு கூடக்குறைய இருக்கும். ஒரே பைப்பில் பல வயர்கள் நெருங்கிக் கிடந்தால் இதுவும் குறையும். 18 தாங்கும் வயருக்கு 16 எம்.சி.பி. போட்டிருக்கிறார்கள். வீட்டை வயரிங் செய்தவர் வேலை தெரிந்தவர்.

சி32 மாட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள். ரெண்டரை வயரில் 18 ஆம்பியர் ஓடினால், 40 டிகிரி சுற்றுப்புறத்தில் செம்பின் வெப்பம் இன்னும் 30 டிகிரி ஏறி 70-ல் நிற்கும். சாதாரண பி.வி.சி. மேலுறை நிரந்தரமாகத் தாங்கும் எல்லை அந்த 70 டிகிரிதான். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்ப ஏற்றம் நான்கு மடங்காகும். இப்போது ஏசி, கீசர் இரண்டும் ஓடும்போது படுக்கையறையில் ஒருவர் இஸ்திரிப் பெட்டியை மாட்டுகிறார் என்று வையுங்கள். மொத்தம் 25 ஆம்பியர். கணக்குப்படி செம்பு நூறு டிகிரியை நெருங்கும். சி32 அசையாது. 25 அதற்கு ஒரு லோடே அல்ல. 36 ஆம்பியர் ஓடினால்கூட ஒரு மணி நேரம் அது விழக் கூடாது என்றுதான் தரக்குறியீடே சொல்கிறது. அந்த 36-ல் வயரின் வெப்ப ஏற்றம் 120 டிகிரி, மொத்தம் 160. 'எஃப்.ஆர்.' வயர்தானே என்று நினைக்கலாம். தீ பிடித்தால் அது வயர் நெடுகப் பரவாமல் தடுக்கும் குணத்தைத்தான் அந்த எழுத்து சொல்கிறது. உள்ளிருந்து சூடாகி உருகுவதற்கு அது மருந்தல்ல.

இது எப்படி முடியும் என்பதை ஒரு வீட்டில் பார்த்தேன். விழுகிறது, விழுகிறது என்று யாரோ ஒருவர் எம்.சி.பி.யை மட்டும் பெரிதாக்கிவிட்டுப் போயிருந்தார். இரண்டு வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை. பிறகு ஒரு நாள் சுவரோரம் மீன் வாடை மாதிரி ஒரு நாற்றம் வருகிறது என்று கூப்பிட்டார்கள். பழைய வயரை உருவிவிட்டுப் புதிது இழுக்கலாம் என்று பார்த்தால், வயர் வரவில்லை. மேலுறை உருகி, மூன்று வயரும் ஒன்றோடொன்றும் பைப்போடும் ஒட்டிப்போயிருந்தன. சுவரை நீளமாக உடைத்துத்தான் எடுத்தோம். அந்த இரண்டு வருஷமும் ஒரு எம்.சி.பி.கூட விழவில்லை என்பதை அந்த வீட்டு அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார்.

நீங்கள் கேட்காத விஷயம்

அதே இரண்டாவது படம். கீசர் சுவிட்சில் நுழையும் சிவப்பு வயரின் கடைசி ஒரு சென்டிமீட்டரைப் பாருங்கள். மற்ற இடத்தில் பளிச்சென்று சிவப்பாக இருப்பது அங்கே மட்டும் பழுப்பாக மாறி, மேலுறை கொஞ்சம் சுருங்கிப் பின்வாங்கியிருக்கிறது. ஸ்க்ரூவை ஒட்டிய பிளாஸ்டிக்கிலும் ஒரு மங்கலான கறை தெரிகிறது. கீசர் வந்து ஒரு மாதத்துக்குள் இப்படி ஆகியிருக்கிறது என்றால், அந்த ஸ்க்ரூ சரியாக இறுகவில்லை.

ஓவர்லோடு வேறு, லூஸ் கனெக்ஷன் வேறு. லூஸாக இருக்கும் இடத்தில் மின்னோட்டம் கூடுவதில்லை, அதே 13 ஆம்பியர்தான். ஆனால் அந்த ஒரு புள்ளியில் தடை கூடிவிடுகிறது. பத்தில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தாலே அங்கே 17 வாட் வெப்பம் உண்டாகும். ரேடியோ கடைக்காரர் வைத்திருக்கும் சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட். கிட்டத்தட்ட அந்த அளவு சூட்டை உங்கள் சுவிட்ச் பெட்டிக்குள் வைத்து மூடியிருக்கிறோம் என்று அர்த்தம். எம்.சி.பி.க்கு இது தெரியாது, ஆர்.சி.சி.பி.க்கும் தெரியாது. சி16 இருந்தாலும் சரி, சி32 இருந்தாலும் சரி, இதற்காக இரண்டும் விழாது. அதனால் லைன் பிரிக்கும் வேலை தள்ளிப்போனாலும் இதைத் தள்ளிப்போட வேண்டாம். நிறம் மாறிய பகுதியை வெட்டிவிட்டு, நல்ல செம்பு தெரியும்வரை சீவி, எல்லா இழையும் உள்ளே போகும்படி முறுக்கி, ஸ்க்ரூவை நன்றாக இறுக்க வேண்டும். கறை பட்ட சுவிட்சைத் திரும்பப் போடாமல் புதிது போடுங்கள். அதுவரை கீசரை ஓட்ட வேண்டாம் என்பதே என் கருத்து.

மூன்றாவது படம்: ஏசி சுவிட்ச்

இதில் முன்பக்கம் மட்டும் இருக்கிறது. மாடுலர் சுவிட்சுகளில் 6, 10, 16 ஆம்பியர் மூன்றும் முன்னாலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கலாம். பக்கத்தில் இருக்கும் பிளக் பாயின்டில் பெரிய ஓட்டைகள் இருக்கின்றன என்பது அந்த பிளக் பாயின்ட் 16 ஆம்பியர் என்பதை மட்டும் சொல்லும். அதற்கு மாட்டியிருக்கும் சுவிட்சும் 16 தான் என்று சொல்லாது. சுவிட்சின் பின்பக்கம் எண் அச்சாகியிருக்கும். 16 என்று இருந்தால் சரி. 6 என்றால் மாற்ற வேண்டும். 8 ஆம்பியர் ஏசிக்கு 10 போதும் என்று தோன்றலாம். லைனில் சி16 இருக்கும்போது சுவிட்சும் 16 ஆக இருப்பதுதான் முறை.

பின்பக்கத்தைப் படம் எடுக்க நீங்களே பிளேட்டைக் கழற்ற வேண்டாம். எலக்ட்ரீஷியன் வரும்போது அவரையே எடுத்துத் தரச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் பேட்டரி இன்வெர்ட்டர் இருந்தால் இது இன்னும் முக்கியம். மெயினை அணைத்த பிறகும் இன்வெர்ட்டர் தன் பங்குக்கு அதே சுவிட்ச் போர்டில் இருக்கும் லைட், ஃபேன் வயர்களுக்கு 230 வோல்ட் கொடுத்துக்கொண்டிருக்கும். இரண்டையும் அணைத்து, சோதித்துப் பார்த்த பிறகே போர்டில் கை வைக்க வேண்டும். படம் எடுக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம், அச்செழுத்துமேல் வெளிச்சம் தெறித்து மறைத்துவிடும். பக்கவாட்டில் ஒரு டார்ச்சைப் பிடித்தால் மங்கலான எழுத்தும் எழும்பித் தெரியும்.

என்ன செய்யலாம்

உங்களுக்கு மூன்று வழி இருக்கிறது. செலவில்லாதது, இரண்டையும் சேர்த்து ஓட்டாமல் இருப்பது. சில வாரங்களுக்குச் சரி. ஆனால் வீட்டில் நாலு பேர் இருக்கும்போது இந்த ஒழுங்கு என்றைக்காவது தவறும். தவறினாலும் சி16 இருக்கும்வரை எம்.சி.பி. விழும், அவ்வளவுதான். அபாயம் இல்லை.

இரண்டாவது, கீசரை 2,000 வாட் ஆக்குவது. 9 ஆம்பியரும் ஏசியின் 8-ம் சேர்ந்து 17. எம்.சி.பி. விழாமல் ஓட வாய்ப்பு உண்டு, ஆனால் விளிம்பில்தான் ஓடும். இஸ்திரிப் பெட்டி சேர்ந்தால் பழைய கதைதான். புதிதாக வாங்கிய கீசரை இதற்காக மாற்றுவதை நான் சொல்ல மாட்டேன்.

மூன்றாவதுதான் சரியான வழி. கீசருக்கு டிபியிலிருந்து தனி லைன். உங்கள் டிபி படத்தில் வலது பக்கம் இரண்டு காலி இடம் இருக்கிறது, அதனால் டிபியை மாற்ற வேண்டியதில்லை. மும்முனை இணைப்பு என்பதால், ஏசி இருக்கும் பேஸை விட்டு வேறு பேஸில் கீசரைப் போடச் சொல்லுங்கள். பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் புதிதாக வர வேண்டும். பழைய ஏசி லைனின் நியூட்ரலையே கீசருக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். புதிய நியூட்ரல் டிபியில் ஆர்.சி.சி.பி.க்குப் பிறகு வரும் நியூட்ரல் பட்டையில்தான் சேர வேண்டும். வேறு எங்காவது சேர்த்தால் கீசரைப் போட்டவுடன் ஆர்.சி.சி.பி. விழும்.

வயர், 13 ஆம்பியருக்கு ரெண்டரை எம்.எம். கணக்குப்படி போதும். பைப்பில் வேறு வயர்களும் இருந்தால், எப்படியும் இழுக்கத்தான் போகிறோம் என்பதால், நாலு எம்.எம். இழுப்பதையே நான் விரும்புவேன். இங்கே ஒரு தவறு நடக்கும். நாலு எம்.எம். போட்டாச்சு, அப்போ சி25 போடலாமே என்பார்கள். கூடாது. கீசரின் சுவிட்சும் பிளக் பாயின்டும் 16 ஆம்பியர்தான். வயர் எவ்வளவு தடியாக இருந்தாலும் அந்த லைனில் பலவீனமான இடம் அவைதான். அதனால் புதிய எம்.சி.பி.யும் சி16. கீசர் 13, எம்.சி.பி. 16, சுவிட்ச் 16, வயர் 24. பழைய லைனில் ஏசி 8, எம்.சி.பி. 16, வயர் 18. நீங்கள் வாங்க வேண்டியது ஒரே ஒரு சி16, ஒரு துருவம் கொண்டது. இப்போது இருக்கும் சி16-ஐ மாற்ற வேண்டியதே இல்லை.

எந்தக் கம்பெனி என்று கேட்பீர்கள். டிபியில் ஏற்கெனவே இருக்கும் அதே கம்பெனியை வாங்குங்கள். மற்ற கம்பெனியுடையது மட்டம் என்பதற்காகச் சொல்லவில்லை. கீழே வரிசையாகக் கோக்கும் செம்புப் பட்டை ஒரே மட்டத்தில் உட்கார்ந்து இறுக அதுதான் வசதி. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதன் கீழ் லைசென்ஸ் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பிஐஎஸ் கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனிக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்த உரிமம் என்று காட்டும். ஆன்லைனில் வாங்கினால், விளம்பரப் படத்தை மட்டும் நம்பாமல், வந்து சேர்ந்த பொருளின் முகத்தில் சி16 என்றே இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

எலக்ட்ரீஷியன் தம்பியிடம் எப்படிப் பேசுவது

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். விழக் கூடாது என்று நீங்கள் கேட்டீர்கள், விழாமலிருக்க வழி சொன்னார். "தம்பி, இந்த லைன்ல வயர் எத்தனைன்னு ரெண்டு முனையிலும் பார்த்துச் சொல்லுங்க" என்று மட்டும் கேளுங்கள். ரெண்டரை என்று அவர் வாயாலேயே வந்துவிட்டால், சி32 பேச்சு அங்கேயே நின்றுவிடும். அதற்கும் அவர் அசையவில்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளின்படி பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை, அவற்றின் கொள்ளளவும் தன்மையும் மாறாதபடி, யாரும் மாற்றிக்கொள்ளலாம். புதிய லைன் இழுப்பது போன்ற மற்ற வேலைகளை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலமாகத்தான் செய்ய வேண்டும். சி16-ஐ எடுத்துவிட்டு சி32 வைப்பது கொள்ளளவை மாற்றுவது, அதனால் அந்த விலக்குக்குள் வராது. வருகிறவரிடம் லைசென்ஸைக் கேட்பதற்குத் தயங்காதீர்கள்.

வேலை முடிந்த அன்றே ஏசியையும் கீசரையும் சேர்த்து அரை மணி நேரம் ஓட விடுங்கள். பிறகு இரண்டு சுவிட்ச் பிளேட்டையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கையை எடுக்கத் தோன்றும் அளவுக்குச் சுட்டால் அங்கே இன்னும் ஒரு ஸ்க்ரூ லூஸாக இருக்கிறது. அவர் கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிட்டால் அப்போதே திறந்து இறுக்கச் சொல்லலாம்.